தன் வெளிச்சத்தைப் பார்த்தே அணையும் விளக்கு

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போயிருக்கிற யாரும் இந்த மாடலைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தெர்மாகோல் அட்டை மேல் கறுப்பு சார்ட் பேப்பரில் சாலை. நடுவே வெள்ளைக் கோடு. ஓரத்தில் ஸ்ட்ராவில் செய்த விளக்குக் கம்பங்கள். பக்கத்தில் நிற்கும் மாணவி ஒரு சின்ன வட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்க்கிறாள். கம்பங்களில் உள்ள விளக்குகள் எரிகின்றன. கையை எடுக்கிறாள், அணைகின்றன. நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார். அடுத்த மேசையில் அநேகமாக எரிமலை இருக்கும்.

மாடலோடு ஓர் அறிக்கையும் இருக்கும். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, பயன்கள் என்று தலைப்புகள் வரிசையாக வரும். “இருட்டில் எல்.டி.ஆர். மின்தடை அதிகமாகும், வெளிச்சத்தில் குறையும், இதனால் விளக்கு தானாக எரிந்து அணையும், மின்சாரம் மிச்சமாகும்.” ஏறக்குறைய எல்லா ஊரிலும் இதே வரிகள்தான். தப்பாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் மாடலைச் செய்யும்போது பிள்ளைகள் பட்ட பாடு எதுவும் அதில் இருக்காது. இந்த மாடலில் அறிவியல் இருப்பதே அந்தப் பாட்டில்தான்.

எப்போதாவது ஒரு நடுவர் நின்று கேட்பார். “ஏம்மா, விளக்கெல்லாம் கம்பத்துல இருக்கு. சென்சாரை மட்டும் எதுக்கு அட்டை ஓரத்துல கொண்டுபோய் ஒட்டியிருக்கீங்க?”

“கம்பத்துல வெச்சா சரியா எரிய மாட்டேங்குது சார். மங்கலா நின்னுடுது. அதான் தள்ளி வெச்சோம்.”

“அது ஏன்னு யோசிச்சீங்களா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்த பிள்ளைகளுக்கு மாடல் முழுவதும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பதிலுக்குப் போகுமுன் அந்தச் சின்ன வட்டைப் பார்த்துவிடுவோம்.

எல்.டி.ஆர். என்பது 5 மில்லிமீட்டர் அகலத்தில், இரண்டு கம்பிக் கால்களோடு இருக்கும் பொருள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். உற்றுப் பார்த்தால் முகத்தில் ஒரு கோடு மடங்கி மடங்கி ஓடுவது தெரியும். அந்தக் கோடு காட்மியம் சல்ஃபைடு. அதன் இரு புறமும் இருப்பவை உலோகப் பூச்சு. இருட்டில் காட்மியம் சல்ஃபைடில் எலெக்ட்ரான்கள் தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. மின்சாரம் கடத்த ஆளில்லை. ஒளி பட்டதும் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு சில எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒளி கூடக் கூட விடுபடும் எலெக்ட்ரான்களும் கூடும், மின்தடை இறங்கும். கோடு அத்தனை வளைந்து ஓடுவதற்குக் காரணமும் இருக்கிறது. இரண்டு உலோகப் பூச்சுகளும் மிக நெருக்கமாக, ஆனால் மிக நீளத்துக்கு எதிரெதிரே நிற்க வேண்டும். அந்த நீளத்தை 5 மில்லிமீட்டருக்குள் அடக்க வேண்டுமானால் மடக்கித்தான் ஆக வேண்டும்.

இந்தக் குணம் முதலில் தெரியவந்தது வேறொரு பொருளில். கடலுக்கடியில் தந்திக் கம்பி பதிக்கும் வேலையில் இருந்த வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர், கம்பியைச் சோதிக்க அதிக மின்தடை உள்ள ஒரு பொருளைத் தேடி செலினியம் கம்பிகளைப் பயன்படுத்தினார். அளவு ஒரு நேரம் போல் ஒரு நேரம் இல்லை. செலினியம் மேல் வெளிச்சம் விழும்போது மின்தடை குறைகிறது என்று கண்டுபிடித்து 1873-ல் அறிவித்தார். அவருக்குத் தொல்லையாக இருந்ததுதான் இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாடலாகியிருக்கிறது.

காட்மியம் சல்ஃபைடுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதற்கு நன்றாகத் தெரியும் நிறம் பச்சை. நம் கண்ணுக்கும் அப்படித்தான். அதனால் நமக்கு இருட்டு என்று தோன்றும் நேரத்தில் அதற்கும் ஏறக்குறைய இருட்டாகவே தெரியும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஜி.எல். 5528 ரகத்தின் விவரத் தாளில், 10 லக்ஸ் வெளிச்சத்தில் அதன் மின்தடை 10 முதல் 20 கிலோ ஓம் என்று போட்டிருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. உச்சி வெயிலில் அது 1 லட்சத்தை எட்டும். நல்ல விளக்குள்ள வகுப்பறையில் சில நூறு. முழு நிலவில் ஒன்றுக்கும் கீழே. “10 முதல் 20” என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரண்டு எல்.டி.ஆர்.களில் ஒன்றின் அளவு மற்றதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம், இரண்டுமே நல்ல சரக்குதான். நண்பனின் மாடலைப் பார்த்து அப்படியே செய்தும் தன்னுடையது வேறு நேரத்தில் எரிகிறது என்று புலம்பும் பையன் மேல் தப்பில்லை.

இனி சுற்று. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து, திருகி மாற்றக்கூடிய ‘ப்ரீசெட்’ மின்தடை ஒன்று வருகிறது. அதன் அடுத்த முனையில் எல்.டி.ஆர். சேர்ந்து மைனஸுக்குப் போகிறது. இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து ஒரு கம்பி பி.சி. 547 டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கு, அதாவது பேஸுக்குப் போகிறது. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடப்புறக் கால் கலெக்டர், வலப்புறக் கால் எமிட்டர். எமிட்டர் மைனஸுக்கு. பேட்டரியின் பிளஸிலிருந்து 470 ஓம் மின்தடை, எல்.இ.டி., கலெக்டர் என்று வரிசையாக இணைத்தால் வேலை முடிந்தது.

ப்ரீசெட் வழியாக வரும் மின்சாரம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. சேரும் புள்ளியில் அதற்கு இரண்டு மடை. ஒன்று எல்.டி.ஆர்., மற்றது டிரான்சிஸ்டரின் பேஸ். பேஸ் மடை சற்று மேட்டில் இருக்கிறது; அந்தப் புள்ளியின் மின்னழுத்தம் சுமார் 0.65 வோல்ட்டைத் தொட்டால்தான் அதற்குள் பாயும். வெளிச்சத்தில் எல்.டி.ஆர். மடை அகலமாகத் திறந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வதால் புள்ளியில் மட்டம் ஏறுவதே இல்லை. இருட்ட இருட்ட அந்த மடை ஒடுங்கி, மட்டம் ஏறி, மின்சாரம் பேஸுக்குள் திரும்புகிறது. பேஸுக்குள் போகும் அளவைப் போல ஏறத்தாழ 200 மடங்கை டிரான்சிஸ்டர் எல்.இ.டி. வழியே ஓடவிடும்.

ப்ரீசெட்டை 100 கிலோ ஓமில் வைத்துக் கணக்குப் போடலாம். புள்ளியில் 0.65 வோல்ட் வர எல்.டி.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும்? மீதி 8.35 வோல்ட் 100 கிலோ ஓமில் விழுகிறது என்றால், 0.65 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 7.8 கிலோ ஓம். நடுத்தரமான ஒரு ஜி.எல். 5528-ல் அது சுமார் 25 லக்ஸ் வெளிச்சத்துக்கான அளவு. அதாவது 25 லக்ஸில் விளக்கு மெல்லக் கண் திறக்கும். முழுசாக எரிய இன்னும் இருட்ட வேண்டும். இதே கணக்கைத் தொடர்ந்தால் 3 அல்லது 4 லக்ஸ் வரை. அறிக்கைகள் “இருட்டினால் எரியும்” என்று எழுதுவது முழு உண்மை இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. ஒற்றை டிரான்சிஸ்டர் வைத்த மாடல் சுவிட்சைப் போல டக்கென்று போடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். கையை வைத்து மூடும்போது வெளிச்சம் ஒரே நொடியில் விழுந்துவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை. மாடலை மாலை ஆறு மணிக்கு ஜன்னல் ஓரத்தில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் படும்.

கண்காட்சி நடக்கும் நாளில் வரும் வழக்கமான கோளாறுகளையும் இந்தக் கணக்கு வைத்தே பிடித்துவிடலாம். வெளிச்சத்தில் எரிந்து இருட்டில் அணைந்தால் ப்ரீசெட்டும் எல்.டி.ஆரும் இடம் மாறியிருக்கின்றன. மூடினாலும் திறந்தாலும் எரிந்துகொண்டே இருந்தால் எல்.டி.ஆரின் ஒரு கால் எங்கோ விட்டிருக்கிறது. மடை அடைபட்டுவிட்டதால் எல்லாம் பேஸுக்கே போகிறது. ப்ரீசெட்டைத் திருகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் விளக்கு செத்துப்போய் இனி எரியவே இல்லை என்றால், ப்ரீசெட் பூஜ்யத்தைத் தொட்டு முழு 9 வோல்ட்டும் பேஸில் இறங்கி டிரான்சிஸ்டர் கருகியிருக்கும். ப்ரீசெட்டோடு வரிசையில் ஒரு 4.7 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரு ரூபாய் சமாச்சாரம்.

காலையில் நன்றாக எரிந்த மாடல் நடுவர் வரும் மாலையில் அடம்பிடிப்பதற்கு வேறு காரணம். பேட்டரி 9 வோல்ட்டிலிருந்து 7-க்கு இறங்கியிருக்கும். டிரான்சிஸ்டர் கேட்கும் 0.65 வோல்ட் மட்டும் இறங்காது. மறுபடி கணக்குப் போட்டால், எல்.டி.ஆர். இப்போது 7.8-க்குப் பதில் 10 கிலோ ஓமைத் தாண்ட வேண்டும். 25 லக்ஸில் தொடங்க வேண்டிய விளக்கு சுமார் 17 லக்ஸில்தான் தொடங்கும். ஹால் வெளிச்சத்தில் கையை லேசாகக் காட்டினால் போதாது, அழுத்தி மூட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மல்டிமீட்டர் வைத்து அளந்து இரண்டு வரி எழுதியிருந்தால், மூன்று பக்க ‘பயன்கள்’ தலைப்பை விட அது மேலானது.

அளப்பதற்கு இன்னும் சுலபமான ஒன்றும் இருக்கிறது. இருட்டறையில் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பை வைத்து, எல்.டி.ஆரை 25 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர் என்று தள்ளித் தள்ளி வைத்து மின்தடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் கால் பங்காகும் என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் மின்தடை நான்கு மடங்கு ஆக வேண்டுமே? ஆகாது. இரண்டரை மடங்குக்குப் பக்கத்தில் வரும். காட்மியம் சல்ஃபைடின் குணம் அப்படி; வெளிச்சம் 10 மடங்கு மாறினால் மின்தடை 5 மடங்குதான் மாறும். அளக்கும்போது அவசரப்படக் கூடாது. வெளிச்சத்தில் கிடந்த எல்.டி.ஆரை இருட்டுக்குக் கொண்டுபோனால் மீட்டரில் எண் பல நொடிகளுக்கு ஏறிக்கொண்டே போகும். விவரத் தாளிலேயே இருட்டு மின்தடையை, வெளிச்சத்தை அணைத்து 10 நொடி கழித்து அளந்ததாகத்தான் போடுவார்கள்.

இப்போது நடுவரின் கேள்விக்கு வரலாம். சென்சாரைக் கம்பத்தில், விளக்குக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்?

இருட்டுகிறது. எல்.டி.ஆர். மின்தடை ஏறுகிறது. எல்.இ.டி. எரியத் தொடங்குகிறது. எரிந்த வெளிச்சம் எல்.டி.ஆர். மேலேயே விழுகிறது. சில செ.மீ. தூரத்தில் ஒரு வெள்ளை எல்.இ.டி. நூற்றுக்கணக்கான லக்ஸைக் கொட்டும். நம் மாடலுக்கோ 25 லக்ஸே பகல். உடனே மின்தடை இறங்கி விளக்கு மங்குகிறது. மங்கியதும் மறுபடி இருட்டு, மறுபடி ஏற்றம். ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றில் இந்த இழுபறி நடுவில் ஓர் இடத்தில் சமாதானமாகி, விளக்கு அரைகுறை வெளிச்சத்தில் நின்றுவிடும். பிள்ளைகள் ‘மங்கலா நின்னுடுது’ என்று சொன்னது இதைத்தான். எல்.இ.டி.க்குப் பதில் ரிலே வைத்துப் பெரிய பல்பை எரிய வைத்தால் சமாதானமே கிடையாது. ரிலேக்கு அரைகுறை தெரியாது. டிக் டிக் என்று அடித்துக்கொண்டு பல்பு விட்டு விட்டு எரியும். (ரிலே வைத்து 230 வோல்ட் பல்பைக் கண்காட்சி மேசையில் எரிய வைக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. திறந்து கிடக்கும் கம்பிகளுக்கு நடுவே அதை அனுமதிக்காமல் இருப்பது ஆசிரியரின் வேலை.)

சென்சாரைத் தள்ளி ஒட்டியது ஒரு தீர்வுதான். இன்னொன்று, எல்.டி.ஆரைச் சுற்றிக் கறுப்பு ஸ்ட்ராத் துண்டைக் குழாயாகச் செருகி மேலே வானத்தைப் பார்க்க வைப்பது. விளக்கு கீழே பார்க்க, சென்சார் மேலே பார்க்க, இருவரும் முகம் பார்க்காமல் இருந்துவிடுவார்கள். நிஜத் தெருவிளக்கில் போட்டோசெல் என்ற சின்னக் குமிழை விளக்கு மூடிக்கு மேல் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் முழுத் தீர்வு சுற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். எரிவதற்கு ஒரு வரம்பு, அணைவதற்கு வேறு வரம்பு என்று இரண்டு வேண்டும். 25 லக்ஸுக்குக் கீழே போனால் எரி; எரிந்த பிறகு 60 லக்ஸைத் தாண்டினால்தான் அணை. நடுவில் உள்ள வெளிச்சத்தில் ஏற்கெனவே இருந்த நிலையிலேயே இரு. இதை இரண்டாவது டிரான்சிஸ்டரோ, எல்.எம். 358 போன்ற ஒரு ஐ.சி.யோ வைத்துச் செய்யலாம். வெளியே வரும் முனையிலிருந்து ஒரு மின்தடை வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே வரும் முனைக்குத் திருப்பினால் போதும். விளக்கு எரிந்த கணமே வரம்பு தானாக நகர்ந்துகொள்ளும். இதற்கு ஷ்மிட் டிரிக்கர் என்று பெயர். ஐ.சி. வைத்தால் பேட்டரித் தொல்லையும் போகும். அது இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பேட்டரி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் வரம்பு அசையாது.

தெருவில் இன்னொரு கவலையும் உண்டு: மின்னல், லாரியின் ஹெட்லைட். ஒரு நொடி வெளிச்சத்துக்காகத் தெருவே இருண்டுவிடக் கூடாது. அதனால் நிஜ போட்டோசெல்கள் வெளிச்சம் மாறியதும் உடனே அசைவதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, மாற்றம் நிலைத்தால்தான் முடிவெடுக்கும். பழைய ரகங்களில் இதற்கு ஒரு சூடேறும் கம்பியும் வளையும் உலோகப் பட்டையும் இருந்தன. எல்.டி.ஆர். வழியே மின்சாரம் ஓடிப் பட்டை சூடாகி வளைய நேரம் பிடிக்கும். அந்தத் தாமதமே பாதுகாப்பு.

கண்காட்சி மாடல் தெருவுக்கு வந்தால் எந்த நேரத்தில் எரியும்? மேகம் இல்லாத நாளில் சூரியன் மறையும்போது திறந்த வெளியில் சுமார் 400 லக்ஸ் இருக்கும். தமிழ்நாட்டில் அடுத்த 22 நிமிடங்களில் அது 3 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரே பாக்கெட் எல்.டி.ஆர்.கள் ஒன்றுக்கு இரண்டு மடங்கு வேறுபடும் என்று பார்த்தோமே, அது வெளிச்சக் கணக்கில் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். நேரக் கணக்கில் நாலு, ஐந்து நிமிடம். தனித்தனி சென்சார் வைத்த தெருக்களில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கொன்றும் இங்கொன்றுமாக எரியத் தொடங்குவதன் கணக்கு இதுதான். மழைக்காலத்தில் மேகம் கவிந்தால் ஐந்தரைக்கே எரியும், அது சென்சாரின் சிறப்பு. நேரம் பார்த்து எரியும் டைமருக்கு மேகம் தெரியாது.

டைமருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் மாலை 5.40-ஐ ஒட்டியும் ஜூலையில் 6.40-ஐ ஒட்டியும் இருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. தேதியையும் ஊரின் இருப்பிடத்தையும் வைத்து மறையும் நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் டைமர்கள் இப்போது வந்துவிட்டன. ஒரு பெட்டி பல கம்பங்களைக் கவனித்துக்கொள்ளும். தூசி படியாது, காக்கை எச்சம் போடாது. சென்சார் வைத்தால் அந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்: முகத்தில் அழுக்குப் படியப் படிய உலகம் இருட்டாகத் தெரிந்து, விளக்கு மாலையில் சீக்கிரம் எரிந்து காலையில் தாமதமாக அணையும். 20 வாட் விளக்குகள் 100 உள்ள ஊரில் இப்படித் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் நாளுக்கு 2 யூனிட், வருஷத்துக்கு 730 யூனிட் வீண்.

தெருவில் காட்மியம் சல்ஃபைடு குறைந்துவருவதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. காட்மியம் நச்சு உலோகம். மின்சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, போட்டோசெல் செய்பவர்கள் சிலிக்கான் சென்சார்களுக்கு மாறத் தொடங்கினார்கள். உடைந்த எல்.டி.ஆரைக் குப்பையில் எறியாமல் ஆசிரியரிடம் கொடுப்பதே நல்லது.

பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும் தெருவிளக்கைப் பார்த்து நாம் ஆபரேட்டரைத் திட்டுவது வழக்கம். கையால் சுவிட்ச் போடும் ஊராக இருந்தால் திட்டுவதில் நியாயம் உண்டு. சென்சார் வைத்த கம்பமாக இருந்தால், கண்காட்சி மாடலில் எல்.டி.ஆரின் கால் விட்டுப்போனபோது என்ன நடந்ததோ அதேதான் பெரும்பாலும் நடந்திருக்கும். பழுதானால் விளக்கு எரியும் பக்கமாகவே பழுதாக வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். இரவில் இருண்டு கிடக்கும் தெருவை விடப் பகலில் எரியும் விளக்கு ஆபத்தில்லாதது, புகார் சொல்லவும் எளிது. எந்தக் கம்பம் என்று எண்ணைக் குறித்துச் சொன்னால், மாற்ற வேண்டியது பல்பையா, மேலே உள்ள குமிழையா என்று லைன்மேனுக்கு ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.